வெளிநாட்டு விருந்தினருக்கு வீட்டு விதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, ஆழியார் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டை ஹோம்ஸ்டேவாக மாற்றுகிறவர்கள், சுவரில் ஒட்டப்போகும் விதிப் பட்டியலை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். தமிழில் எழுதி வைத்திருப்பார்கள், "இதை இங்கிலீஷ்ல கொஞ்சம் நயமாப் போட்டுக் குடுங்க" என்பார்கள். சிலர் தாங்களே ஆங்கிலத்தில் எழுதி, சரி பார்க்கச் சொல்வார்கள். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எல்லாம் யாரும் திருத்திவிடலாம், அதை விடுங்கள். அதைத் தாண்டிய சில தவறுகளை ஆள் மாற்றி ஆள் செய்துகொண்டே இருக்கிறார்கள், அவற்றைப் பற்றித்தான் இது. ஆங்கிலத்தில் போக வேண்டிய வாக்கியத்தின் பொருளை இங்கே தமிழிலேயே தருகிறேன்.

பெரிய எழுத்தில் ‘ஸ்ட்ரிக்ட்லி’

வேண்டாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதுவதைப் படுக்கையறைச் சுவரில் எழுதக் கூடாது.

‘கைன்ட்லி’ சேர்த்தால் கனிவு வந்துவிடும் என்று நம்புவது

நம் ஊரில் "சத்தம் போடாதீங்க" என்றால் அதில் கடுமை இல்லை. கடைசியில் வரும் ‘ங்க’ பாதி வேலையைப் பார்த்துவிடும், மீதியை முகம் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டுமே கழன்றுவிடும், வெறும் ‘செய்யாதே’ மட்டும் மிஞ்சும். அந்தக் குறையைச் சரிக்கட்ட ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘கைன்ட்லி’ போடுகிறார்கள். பிரிட்டன், அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு அது பாக்கி கட்டச் சொல்லி வரும் கடிதத்தின் குரலில் கேட்கும். ஒரு ‘ப்ளீஸ்’ போதும், அதுவும் எல்லா வரியிலும் வேண்டாம்.

கனிவு வர வேண்டிய இடம் வாக்கியத்தின் அமைப்பு. ‘பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது’ என்பதை, ‘பக்கத்துச் சாளையில் இருக்கிற குடும்பம் விடியற்காலையிலேயே பால் கறக்க எழுந்துவிடும், அதனால் பத்து மணிக்கு மேல் மெதுவாகப் பேசினால் உதவியாக இருக்கும்’ என்று எழுதிப் பாருங்கள். விதி அதேதான். யாருக்காக என்று தெரிந்ததும் விருந்தினர் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

நாசூக்கு என்று சொல்லி விதியையே காணாமல் ஆக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். காசையும் கரைக்கும், பெயரையும் கெடுக்கும்.

ஆழியார் போகும் வழியில் ஒரு தோட்டத்து வீடு. பழைய வீடு, அறையோடு சேர்ந்த கழிவறை மட்டும் புதிதாகக் கட்டியது. செப்டிக் டேங்க் வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது, அதுவரை போகும் குழாயில் வாட்டம் போதாது, நடுவில் ஒரு வளைவு வேறு. தண்ணீர் மட்டும் ஊற்றிப் பழகிய நம் வீட்டுக்கு அது ஒத்துவரும். காகிதம் போட்டால் ஒத்துவராது. இது வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் எழுதி ஒட்டியிருந்தது, ‘கழிவறையைச் சுத்தமாகவும் சரியான முறையிலும் பயன்படுத்தவும்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி.

ஐரோப்பாவிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து தங்கியது. அவர்கள் அந்த விதியை மீறவே இல்லை, அதுதான் விஷயம். அவர்கள் ஊரில் காகிதத்தைக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் விடுவதுதான் சரியான முறை, வெளியே போட்டால்தான் அசிங்கம். குழந்தைக்குத் துடைத்த ஈரத் துடைப்பான்களும் அதே வழியில் போயின. பாக்கெட்டிலேயே கழிவறைக்குள் போடலாம் என்று அச்சடித்திருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

முதலில் தண்ணீர் மெதுவாக இறங்கியது. அப்புறம் குளியல் பக்கத்துத் தரை வடிகாலில் குளுக்குளுக்கென்று சத்தம். அந்தக் கட்டத்திலேயே அடைப்பு என்று புரிந்துகொண்டு நிறுத்தியிருக்கலாம், யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் மேலேறி வந்த பிறகு, டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரியைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் டேங்க்கில் பாதிகூட இல்லை. பிளம்பர் வந்து கம்பி விட்டுப் பார்த்தார், வளைவில் போய் நின்றது. தரையை உடைத்து எடுத்தால் துணிமூட்டை மாதிரி திரண்டு கிடந்தது அத்தனையும். உடைத்த டைல்ஸுக்கு ஜோடி கடையில் கிடைக்கவில்லை. லாரிக்கு, பிளம்பருக்கு, கொத்தனாருக்குக் கொடுத்தது போக, குடும்பத்தைப் பொள்ளாச்சியில் லாட்ஜுக்கு அனுப்பி மீதி நாட்களுக்கு வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவர் கோபத்தில் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார் போல. ‘வீடு அழகு, ஆனால் சொல்லாத விதிக்காக எங்களைக் கடிந்துகொண்டார்கள்’ என்று அவர்கள் மதிப்புரை எழுதிவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்ண்ணா, காகிதம் போடக் கூடாதுன்னு நேரா எழுதியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் எப்பிடிங்க தம்பி எழுதறது? வந்தவங்க முகத்துல எப்பிடி முழிக்கறது?"

இந்தக் கூச்சம் நமக்குத்தான். கிரீஸ் நாட்டில் பல ஊர்களில் கழிவறைச் சுவரில் இதே வேண்டுகோள் ஒட்டியிருக்கும், ஊர் சுற்றுகிறவர்கள் படித்துவிட்டு அதன்படி நடந்துகொள்வார்கள். விஷயத்தைப் பேசாமல் விட்டால் அது மரியாதை ஆகாது. வந்தவரை ஒரு குழிக்குள் விழவைத்துவிட்டு, ஏன் விழுந்தாய் என்று கேட்பதாகத்தான் முடியும்.

அந்த வரியை இப்படி மாற்றினோம்: ‘கழிவறைக் காகிதம், ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் கழிவறைக்குள் போட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மூடி போட்ட சிறு கூடையில் போடுங்கள். இது பழைய தோட்டத்து வீடு, குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும். கூடையைத் தினமும் காலையில் நாங்கள் காலி செய்துவிடுவோம். தண்ணீர் மெதுவாக இறங்கினால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், உங்கள் மேல் தவறில்லை.’

இதில் எந்தச் சொல்லும் சும்மா வரவில்லை. ‘தேவையில்லாத பொருட்கள்’ என்று எழுதினால் எது தேவை, எது தேவையில்லை என்பதை விருந்தினர் தன் ஊர் வழக்கப்படி முடிவுசெய்வார். அதனால் பொருளின் பெயரையே சொல்ல வேண்டும். பாக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் துடைப்பான் கூடாது என்று ஒரு வரி கூடச் சேர்த்தாலும் தப்பில்லை. ‘போடாதீர்கள்’ என்றதும் ‘அப்படியானால் எங்கே?’ என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும். கூடையை யார் காலி செய்வார்கள் என்று சொல்லாவிட்டால் கூச்சப்பட்டுப் பழையபடி உள்ளேயேதான் போடுவார்கள். கடைசி வரி இருந்தால்தான் சத்தம் கேட்கிற கட்டத்திலேயே சொல்வார்கள், இல்லாவிட்டால் பயந்து மறைப்பார்கள்.

இந்த அறிவிப்பு கழிவறை இருக்கைக்கு எதிரே, உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். வரவேற்பறை ஃபைலுக்குள் வைத்த விதியை அந்த நேரத்தில் யார் போய்ப் பார்ப்பார்கள்? கூடை இல்லாமல் அறிவிப்பை மட்டும் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசி எனக்கு அலுத்துவிட்டது. அப்புறம், பக்கத்தில் தொங்கும் கைத்தெளிப்பான் எதற்கென்று பலருக்குத் தெரியாது, தரை கழுவ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘நாங்கள் காகிதத்துக்குப் பதில் இதைப் பயன்படுத்துகிறோம், உங்களுக்கு எது வசதியோ அது’ என்று ஒரு வரி போதும்.

காரணத்தைச் சொல்லாமல் விடுவது

தென்னை மரத்தடியில் நாற்காலி போடாதே, தூளி கட்டாதே என்று எழுதியிருப்பார்கள். வெளிநாட்டவருக்குத் தென்னந்தோப்பு என்றாலே இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டிப் படுப்பதுதான் நினைவுக்கு வரும். அதற்காகத்தான் வந்தேன், அதையும் கூடாது என்கிறார்களே என்று முகம் சுருங்கிவிடும். நெற்று தலையில் விழும், மட்டை விழும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவருக்குச் சொன்னால்தான் தெரியும். ‘முற்றிய காயும் காய்ந்த மட்டையும் எந்த நேரமும் விழலாம். வேப்ப மரத்தடியில் உங்களுக்காகத் தூளி கட்டி வைத்திருக்கிறோம்’ என்று எழுதுங்கள், எழுதியபடி கட்டியும் வையுங்கள். ‘இப்போதுதான் காய் போட்டோம், அந்தப் பக்கம் பரவாயில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். மட்டை காய் பறிப்பைப் பார்த்து விழுவதில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விதியில் ‘முடிந்தால்’ போடுவது

வால்பாறை, ஆனைமலை அடிவாரம் இரண்டிலும் இதைப் பார்க்கிறேன். "ராத்திரி வெளிய போனாப் பாத்துப் போங்க" என்று நாம் சொன்னால், போகாதே என்று அர்த்தம். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால், கவனமாகப் போகலாம் என்று அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். அவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கவனமாகவே கிளம்புவார்.

இங்கே ‘முயற்சி செய்யவும்’, ‘இயன்றவரை’, ‘நல்லது’ எதுவும் வரக் கூடாது. ‘இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே போகாதீர்கள். இந்த வழியாக யானைகள் நடமாடும். ஏதாவது வேண்டுமென்றால் போன் செய்யுங்கள், நாங்கள் வண்டியில் வருகிறோம்.’ முதல் வரி கறாராக இருக்கட்டும், மூன்றாவது வரியில் வருகிற உதவி போதும் கனிவுக்கு. வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கச் சில இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து அது தெரியுமானால் அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அழகாக மின்னுகிறதே என்று பக்கத்தில் போய்ப் படம் எடுப்பார்கள்.

அபராதத் தொகை

பட்டியலில் போடாதீர்கள். உடைந்தால் நேரில் பேசிக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் கேட்கும் விதம்

‘பாஸ்போர்ட், விசா நகல் கட்டாயம், இல்லையேல் அறை இல்லை.’ பயண அலுப்போடு வந்து நிற்கிறவருக்கு இதைப் படித்ததும் சந்தேகம்தான் வரும், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே என்று அவர் ஊரில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சி-ஃபாரம் என்று நாம் சொல்லிப் பழகிய பதிவை, வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்தான் ஆன்லைனில் செய்ய வேண்டும். அதைச் சொல்லிவிடுங்கள்: ‘வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினரைப் பற்றிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் நாங்கள் பதிய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். வந்ததும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டுங்கள், உங்கள் எதிரிலேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.’ இதை வாசலில் ஒட்ட வேண்டாம், முன்பதிவு உறுதியானதும் அனுப்பும் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டாமல் கையோடு கொண்டுவருவார்கள்.