இருமலுக்கு அஸித்ரோமைசின் கேட்கும் முன்: மெடிக்கலில் நாம் செய்யும் தவறுகள்

இருமல் வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, டாக்டர் சீட்டுக்குப் பதிலாகப் பழைய மாத்திரை அட்டையை மெடிக்கலில் நீட்டுவது. எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்த அஸித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக். மூன்று மாத்திரையும் தீர்ந்த காலி அட்டை பர்ஸில் பத்திரமாக இருக்கும். "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றால் பல கடைகளில் கிடைத்தும் விடுகிறது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் மருந்தாளுநர் என்ன பார்க்கிறார், ஏன் மறுக்கிறார் என்பதை ஒரு சின்னக் கதையாகவே சொல்கிறேன். கதையில் வரும் ஆட்கள் கற்பனை. அவர்கள் பேசும் மருந்தும் நோயும் நிஜம்.

இரவு எட்டு மணி, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மெடிக்கல். ஆட்டோ ஓட்டுகிறவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். இருமிக்கொண்டே வந்து அட்டையைக் கண்ணாடி மேல் வைக்கிறார்.

"தம்பி, இது மூணு கொடு. போன தடவை இதுதான் கேட்டுச்சு."

மருந்தாளுநர் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று ஜனங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தக் கோட்டைப் பற்றி 2016-இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. ஆனால் அவர் சட்டத்தில் ஆரம்பிக்கவில்லை. கடைக்காரர்கள் பக்கம் நடக்கும் தவறு இதுதான்: "சீட்டு இல்லாம தர மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. கேட்டவர் கோபத்தோடு பக்கத்துக் கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கிவிடுவார். மறுத்ததில் யாருக்கும் பயன் இல்லை.

"எத்தனை நாளா இருக்குண்ணே?"

"இன்னியோட ஆறு நாள். முதல்ல தொண்டை கரகரன்னு இருந்துச்சு, அப்புறம் மூக்கு ஒழுகுச்சு. இப்ப சளி மஞ்சளா வருது, அதான் பயமா இருக்கு."

"காய்ச்சல்?"

"ரெண்டு நாள் இருந்துச்சு. இப்ப இல்ல."

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி? சளியில ரத்தம்?"

"அதெல்லாம் இல்லப்பா."

கேள்வி கேட்கும்போதே மருந்தாளுநர் இன்னொன்றையும் கவனிக்கிறார். இவர் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? முடிகிறது. கடையில் இருந்த தெர்மாமீட்டரில் 98.8 டிகிரி. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்ஸிஜன் 98, நாடித்துடிப்பு 84. நிமோனியா என்றால் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும், நாடி நூறைத் தாண்டும், மூச்சு வேகமாக இருக்கும். வேறு பெரிய நோய் இல்லாத நடுத்தர வயதுக்காரரிடம் இது எதுவும் இல்லை என்றால் நிமோனியாவுக்கு வாய்ப்புக் குறைவு.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு."

பெயர் கேட்டால் அம்லோடிபின். சரி, இருமலுக்கு அது காரணம் இல்லை. அதுவே எனலாப்ரில், ராமிப்ரில் வகையாக இருந்திருந்தால் கதை வேறு. அந்த வகை பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரை ஆரம்பித்துப் பல வாரம் கழித்துக்கூட இருமல் தொடங்கலாம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படிப்பட்டவர் எத்தனை ஆன்டிபயாடிக் விழுங்கினாலும் இருமல் போகாது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால், அவர் வேறு வகைக்கு மாற்றித் தருவார்.

இனி, சளி மஞ்சளாக வந்தால் கிருமி முற்றிவிட்டது என்ற நம்பிக்கை. நம் ஊரில் ஆழமாக ஊறிப்போன தவறு இது. மஞ்சளும் பச்சையும் கிருமியின் நிறம் அல்ல. நோயை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அந்த அணுக்கள் சளியில் சேரச் சேர நிறம் மாறுகிறது. வந்திருப்பது வைரஸாக இருந்தாலும் இது நடக்கும். ஆட்டோக்காரர் சொன்ன வரிசையைப் பாருங்கள்: முதலில் தொண்டை, அடுத்து மூக்கு, பிறகு இருமல். சாதாரண வைரஸ் சளி போகும் பாதை அப்படியே இருக்கிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது.

"அப்ப போன தடவை எப்படித் தம்பி சரியாச்சு?"

மருந்தாளுநருக்கு நிஜமாகவே கஷ்டமான கேள்வி இது. ஏனென்றால் ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்.

"போன தடவை எத்தனாவது நாள் மாத்திரை போட்டீங்க?"

"ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் டாக்டர்கிட்ட போனேன்."

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்து மாத்திரையைத் தொடும்போது நோய் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கிறது. மூன்று நாளில் குறைகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. மாத்திரை இல்லாமலும் அதே மூன்று நாளில் குறைந்திருக்கும் என்பதை அவர் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. இதோடு இன்னொரு தப்புக்கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இருமல் ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வைரஸ் சளிக்குப் பின் வரும் இருமல் சராசரியாகவே இரண்டரை வாரம் நீடிக்கும். காய்ச்சல் போய், மூக்கு அடங்கிய பிறகும் மூச்சுக்குழாயின் உள்பக்கத் தோல் புண்பட்டுத்தான் இருக்கும். அது ஆறி வளரும் வரை புகையோ, பனிக்காற்றோ, சத்தமான பேச்சோ இருமலைக் கிளப்பும். ஆறாம் நாள் இருமல் இருப்பது மருந்து தேவை என்பதற்கு அடையாளம் அல்ல, நோய் பாதி வழியில் இருக்கிறது என்பதற்குத்தான்.

"சரி, ஒரு மாத்திரையாவது கொடு. போட்டுத்தான் பார்ப்போமே. என்ன ஆயிடப் போகுது?"

மருந்தாளுநர் கிருமிகளைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. "வீட்டுல யாருக்காவது டைஃபாய்டு வந்திருக்காண்ணே?" என்று கேட்கிறார். மகளுக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்தது, மாத்திரையிலேயே சரியானது. அந்த மாத்திரை பெரும்பாலும் இதே அஸித்ரோமைசினாகத்தான் இருந்திருக்கும். முன்பு டைஃபாய்டுக்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்ஸசின் இந்தியாவில் பெரும்பாலும் பலன் தருவதில்லை, கிருமி பழகிவிட்டது. மாத்திரையாகக் கொடுத்து வீட்டிலேயே சரிசெய்ய மிச்சமிருக்கும் ஒருசில மருந்துகளில் அஸித்ரோமைசின் ஒன்று. அதுவும் கைவிட்டுப் போனால் ஊசிக்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு மாத்திரை என்பதும் சின்ன விஷயம் இல்லை. அஸித்ரோமைசின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். விழுங்கிப் பல நாள் வரை திசுக்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருக்கும். தொண்டையிலும் குடலிலும் சாதுவாக வாழும் பாக்டீரியாக்களில் அந்த மருந்துக்கு அடங்குபவை சாக, அடங்காதவை மிஞ்சிப் பெருகும். "பாதியில நிறுத்துனாத்தான் தப்பு, முழு கோர்ஸும் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும், சரிதான். தேவையே இல்லாத இடத்தில் முழு கோர்ஸும் தவறுதான்.

மறுத்ததோடு மருந்தாளுநர் நிற்கவில்லை. இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஆன்டிபயாடிக் தராத குறைக்கு ஏதாவது ஒரு கலவை சிரப்பை எடுத்துக் கொடுத்து அனுப்புவது. பல சிரப்புகளில் குளோர்பெனிரமின் இருக்கும், அது தூக்கத்தைக் கொண்டுவரும். வந்திருப்பவர் காலையில் ஆட்டோ ஓட்ட வேண்டியவர். அதனால் இரவு படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன், நாளெல்லாம் வெந்நீர், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, உடம்பு வலித்தால் பாராசிட்டமால். தேன் பெரிய மருந்தில்லை, ஆனால் இரவு இருமலைக் கொஞ்சம் அடக்கும். ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. பீடியை விடச் சொல்கிறார். ஆட்டோக்காரர் சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை.

பிறகு மருந்தாளுநர் நாலு பாராசிட்டமாலை ஒரு கவரில் போட்டு, கவரின் மேல் பேனாவால் எழுதுகிறார்: இன்று ஆறாம் நாள். மறுபடி காய்ச்சல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி, ரத்தம், எது வந்தாலும் அன்றே டாக்டர். பதினாலாம் நாளும் இருமினால் ஜி.எச்.சில் சளிப் பரிசோதனை. அடியில் அந்தப் பதினாலாம் நாளின் தேதி.

அந்தத் தேதி ஏன் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோயா என்று பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் விதி. அது வைரஸ் விட்டுப்போன இருமலாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இத்தனை காசநோயாளிகள் உள்ள நாட்டில் அதை ஊகத்துக்கு விட முடியாது. இந்தக் கட்டத்தில்தான் மெடிக்கல் ஆன்டிபயாடிக் மிகப் பெரிய கெடுதலைச் செய்கிறது. "அஸித்ரோ கேக்கல, கொஞ்சம் ஸ்ட்ராங்கா கொடுங்க" என்று கேட்டு லீவோஃப்ளாக்ஸசின் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். லீவோஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் குறையும், பசி திரும்பும், சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே நோய் அப்படியே இருக்கும். சளியைச் சோதித்தாலும் கிருமி சிக்காமல் போகலாம், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றும் இதே லீவோஃப்ளாக்ஸசின்தான். இருமலுக்கென்று நாலைந்து நாள் விழுங்கி அந்தக் கிருமியை இதற்கும் பழக்கிவிட்டால், பின்னால் டாக்டர் கையில் இருப்பது குறைந்துபோகும்.

சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். கொடுக்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது: டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருவது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் கெட்டிச் சளியைத்தான் கொடுக்க வேண்டும். அதைத் திறந்த வெளியில், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் நின்று செய்வது நல்லது. இடையில் யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்து நீங்கள் சாப்பிட்டிருந்தால், மாத்திரையின் பெயரை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் அந்தக் காலி அட்டையைக் காட்டினால் போதும்.