காபிப் பொடி விளம்பரம்: எடிட்டருக்கு இரண்டாவது முறை எழுதியது

கும்பகோணத்தில் எங்கள் காபிப் பொடிக் கடைக்கு 30 விநாடி விளம்பரம். எடிட்டரிடம் "கலகலன்னு இருக்கணும் தம்பி" என்று மட்டும் சொன்னேன். வந்ததோ தவில் அடியும் 28 வெட்டுகளும். டிக்காஷன் சொட்டுவது கண்ணில் படுவதற்குள் ஓடிப்போனது. தப்பு என்னுடையதுதான்.

அப்புறம் உட்கார்ந்து இப்படி எழுதினேன்: விடியற்காலை, வீட்டில் இன்னும் யாரும் எழவில்லை, அந்த அமைதிதான் வேண்டும். முதல் 6 விநாடி இசையே வேண்டாம், கொட்டை வறுபடும் சத்தம் போதும். எந்த ஷாட்டும் 3 விநாடிக்குக் குறையக்கூடாது. பிறகு வீணை மட்டும், நிமிடத்துக்கு 70 தட்டு வேகத்தில். டபராவில் ஆற்றும்போது அதுவும் நின்று நுரைச் சத்தம் கேட்கட்டும். கடைசி 4 விநாடி கடைப் பெயர் அசையாமல் நிற்கட்டும். சினிமாப் பாட்டு கூடாது, உரிமைப் பிரச்சினை வரும்.

அடுத்த முறை 8 ஷாட்தான் இருந்தது. வீணைச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.