எண்ணுக்குப் பின் ‘கள்’ எப்போது வேண்டும்? மென்பொருளைத் தமிழாக்குவோருக்கான செய்முறை

ஒரு செயலியின் அறிவிப்புகளைத் தமிழாக்கும்போது ‘3 கோப்பு’ என்று எழுதுவதா, ‘3 கோப்புகள்’ என்று எழுதுவதா என்ற ஐயம் வராமல் இருக்காது. இரண்டும் சரியே. ஆனால் எங்கே எது பொருந்தும் என்பதைப் பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பின்வரும் வரிசையில் பார்த்தால் முடிவு எளிதாகிறது.

முதலில் பெயர் எந்தத் திணை என்று பாருங்கள். மரம், மாடு, கோப்பு போன்ற அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ ஏற்காமலே பலவற்றைக் குறிக்க வல்லவை. இவற்றை இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. முன்னால் நிற்கும் எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் ‘பத்து மரம்’ என்பதில் குறை எதுவும் இல்லை. உயர்திணையில் இந்தச் சலுகை கிடையாது. ‘மூன்று மாணவன்’ என்று யாரும் எழுதுவதில்லை, ‘மூன்று மாணவர்கள்’ என்றோ ‘மாணவர் மூவர்’ என்றோதான் எழுதுகிறோம். ‘அவருக்கு இரண்டு பையன், ஒரு பெண்’ என்று பிள்ளைகளைக் கணக்கிட்டுச் சொல்வது பேச்சில் இயல்பு என்றாலும், அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டாம். ‘பேர்’ என்ற சொல்லோ ‘3 பேர்’ என்று எண்ணோடு சேர்ந்தே வருவதால் அதற்குக் ‘கள்’ தேவைப்படாது.

அடுத்து, அந்தப் பெயர் வேறொரு பெயருக்கு அடைமொழியாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் ‘கள்’ வரவே கூடாது: 3 நாள் விடுப்பு, 10 பக்கக் கட்டுரை, 5 நிமிடக் காணொளி. ‘10 பக்கங்கள் கட்டுரை’ என்பது பிழை. ‘10 பக்கங்கள் கொண்ட கட்டுரை’ என்றால் சரியாகிவிடும். ரூபாய், கிலோ, மீட்டர், விழுக்காடு போன்ற அளவுப் பெயர்களும் எண்ணோடு ‘கள்’ இல்லாமல் வருவதே இயல்பு.

பலர் தடுக்கி விழும் படி இனிமேல்தான் வருகிறது: வினைமுற்று. ‘கள்’ சேர்த்த பெயருக்குப் பன்மை வினை கட்டாயம் என்பதால் ‘3 கோப்புகள் நீக்கப்பட்டன’ என்பதே சரி. அடிக்கடி கண்ணில் படும் ‘3 கோப்புகள் நீக்கப்பட்டது’ என்பது ஒருமை பன்மை மயக்கம். ‘3 கோப்பு நீக்கப்பட்டன’ என்பதும் இலக்கணப்படி சரிதான், ஆனால் இன்றைய வாசகரின் காதுக்கு அது இடறுகிறது. அதனால் எண்ணுக்குப் பின் முழு வாக்கியம் வருமானால் அறிவிப்புகளில் ‘கள்’ சேர்த்துப் பன்மை வினையோடு முடிப்பதையே நான் விரும்புகிறேன். எதிர்காலத்தில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை, ஏனெனில் அஃறிணையில் ‘நீக்கப்படும்’, ‘இருக்கும்’, ‘ஆகும்’ போன்ற வினைகள் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானவை. ‘இல்லை’ என்பதும் அப்படியே. ஆனால் ‘உள்ளது’ ஒருமைக்கு, ‘உள்ளன’ பன்மைக்கு என்று வேறுபடுத்தியே எழுத வேண்டும்.

வேற்றுமை உருபு சேரும் இடங்களிலும் ‘கள்’ இருப்பதே தெளிவு. ‘3 கோப்பைத் திறந்தேன்’ என்று எழுதிவிட்டால், திறந்தது கோப்பா, தேநீர் குடிக்கும் கோப்பையா என்று ஒரு கணம் மயங்க நேரும். ‘3 கோப்புகளைத் திறந்தேன்’ என்பதில் அந்த மயக்கம் இல்லை.

இவற்றையெல்லாம் `.po` கோப்பில் அமைக்கும் விதம் இது:

```
msgid ""
msgstr ""
"Content-Type: text/plain; charset=UTF-8\n"
"Plural-Forms: nplurals=2; plural=(n != 1);\n"

msgid "%d file deleted"
msgid_plural "%d files deleted"
msgstr[0] "%d கோப்பு நீக்கப்பட்டது"
msgstr[1] "%d கோப்புகள் நீக்கப்பட்டன"
```

எண் 1 ஆக இருந்தால் `msgstr[0]`, மற்ற எல்லா எண்களுக்கும் `msgstr[1]` தேர்வாகும். Poedit இந்த இரண்டு வடிவங்களையும் தனித்தனித் தாவல்களில் காட்டினாலும், இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்து வினையைச் சரிபார்க்க முடிகிறது என்பதால் நான் சாதாரண உரைத்திருத்தியிலேயே இவற்றைத் திறக்கிறேன். பெயரையும் ‘கள்’ என்ற விகுதியையும் நிரலில் தனித்தனியாக வைத்து ஒட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மரம் ‘மரங்கள்’ என்றும் பல் ‘பற்கள்’ என்றும் பூ ‘பூக்கள்’ என்றும் திரியும்போது, அப்படி ஒட்டும் நிரல் ‘மரம்கள்’ என்று காட்டி நிற்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எண் 0 ஆக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். மேலே உள்ள விதிப்படி `msgstr[1]` தேர்வாகி ‘0 கோப்புகள் நீக்கப்பட்டன’ என்று வரும். அதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நிரலாளரிடம் சொல்லிச் சுழியத்துக்கென்று தனிச் செய்தி ஒன்றை வைக்கச் செய்து, அதில் ‘கோப்பு எதுவும் நீக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள்.