இலக்கியக் காலவரிசை: பாவகையை வைத்துப் பிடியுங்கள்

டி.என்.பி.எஸ்.சி. தமிழ்ப் பகுதிக்கு அட்டவணை போடும்போது, பாடுபொருளோடு பாவகைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். குழப்பத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் அதுதான்.

| காலம் | பாடுபொருள் | பாவகை | சான்று |
|---|---|---|---|
| சங்கம் | அகம், புறம் | ஆசிரியப்பா | குறுந்தொகை, புறநானூறு |
| சங்கம் மருவியது | பெரும்பாலும் அறம் | வெண்பா | நாலடியார் |
| பல்லவர் | பக்தி | பண்ணோடு பதிகம் | தேவாரம் |
| சோழர் | காப்பியம் | விருத்தம் | கம்பராமாயணம் |

பலர் தவறுவது முதல் இரண்டு வரிசைகளில்தான். 'அகம் என்றால் சங்கம், அறம் என்றால் கீழ்க்கணக்கு' என்று மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பதினெண்கீழ்க்கணக்கில் அறநூல்கள் 11. மீதியில் 6 அகநூல்கள், களவழி நாற்பது மட்டும் புறம்.

கார் நாற்பதைப் பாருங்கள். கார்காலத்தில் தலைவன் வரவுக்காகக் காத்திருக்கும் தலைவி, முல்லைத் திணை. பொருளை மட்டும் பார்த்தால் எட்டுத்தொகை என்றே தோன்றும். ஆனால் 40 பாடல்களும் வெண்பா. பாடியவர் ஒருவரே, மதுரைக் கண்ணங்கூத்தனார். எட்டுத்தொகை நூல்களோ பல புலவர்களின் பாடல்களைத் தொகுத்தவை. ஆகவே இது கீழ்க்கணக்கு.

இந்த வழிக்கும் விலக்கு உண்டு. எட்டுத்தொகையிலேயே கலித்தொகை கலிப்பாவாலும், பரிபாடல் பரிபாட்டாலும் ஆனவை. இரண்டையும் அட்டவணைக்குக் கீழே சிவப்பு மையில் தனியாக எழுதி வையுங்கள். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காப்பியங்களானாலும் விருத்தத்தில் அமைந்தவை அல்ல. அவற்றைச் சோழர் வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். விருத்தத்தில் எழுந்த முதல் காப்பியம் சீவக சிந்தாமணி.