வீட்டுக்கு வந்து பாத்துட்டு போறவங்ககிட்ட மாத்திரை அட்டையை எண்ணச் சொல்லுங்க

வெளிநாட்டுல இருந்துகிட்டு ஊர்ல தனியா இருக்க அப்பா அம்மாவை பாத்துட்டு வர சர்வீஸ் வச்சிருக்கீங்கன்னா, "நல்லா இருக்காங்க சார்"னு வர்ற வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் போதாது, மாத்திரை அட்டை எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. போன்ல கேட்டா எல்லாரும் "போட்டுட்டேம்பா"ன்னு தான் சொல்வாங்க, ஆனா அட்டையில மிச்சம் இருக்கிறது பொய் சொல்லாது.

1ஆம் தேதி காலையில இருந்து தினம் ஒண்ணுன்னு 30 பிபி மாத்திரை வாங்கி வச்சிருந்தா 11ஆம் தேதி சாயங்காலம் 19 இருக்கணும், 23 இருந்தா நாலு நாள் விட்டுப்போச்சு, 15 இருந்தா மறந்து ரெண்டு தடவை போடுறாங்க, இது தான் இன்னும் பயம், உடனே டாக்டர்கிட்ட பேசுங்க. பழைய அட்டை மிச்சம் கலந்திருந்தா கணக்கு தப்பும், அதனால புது அட்டை ஆரம்பிச்ச தேதியை பின்னாடி பேனாவால எழுதி வைக்கச் சொல்லுங்க.

வலி வந்தா மட்டும் போடுற மாத்திரை, இன்சுலின், சிரப்புக்கெல்லாம் இது சரிப்படாது. நடுவுல டாக்டர் டோஸ் மாத்தியிருந்தா அந்த தேதில இருந்து புதுசா எண்ணணும். வர்ற பையன் எண்ணினா போதும், கூட்டிக் குறைக்கிற வேலை அவருக்கு வேண்டாம்.