மூன்று மாதச் செலவு என்ற விதி: அவசர நிதியில் எங்கே தவறுகிறோம்

அவசர நிதி பற்றி ஒரு நிமிட வீடியோவில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விதிதான். வீட்டின் அத்தியாவசிய மாதச் செலவைக் கணக்கிட்டு மூன்றால் பெருக்குங்கள். அந்தத் தொகை சேரும்வரை மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். விதியில் குறை இல்லை. அத்தியாவசியம் என்பது எது, பணம் எங்கே கிடக்க வேண்டும், யாரால் எடுக்க முடிய வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்காது. தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

முதல் தவறு, செலவுக்குப் பதில் சம்பளத்தைப் பெருக்குவது. ஈரோட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு ஜவுளிக் கடையில் 20,000 ரூபாய் சம்பளம், மனைவிக்குத் தையலில் சுமார் 6,000. வாடகை 6,000, மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் எல்லாம் சேர்த்து 8,500, கரண்ட்டும் தண்ணீரும் 700 (இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லைப் பாதியாக்கிச் சேர்க்க வேண்டும்), பள்ளி வேன் 1,200, போன் ரீசார்ஜ் 600, அம்மாவின் மாத்திரை 1,000, பெட்ரோல் 1,500, பைக் தவணை 2,500. கூட்டினால் 22,000. மூன்று மடங்கு 66,000.

இதையே வருமானத்தை வைத்துக் கணக்கிட்டால் 78,000 ஆகிவிடும். மாதம் 1,500 சேர்க்கும் குடும்பத்துக்கு அந்த 12,000 வித்தியாசம் என்பது எட்டு மாத உழைப்பு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். 'வேலை போனால் செலவைக் குறைத்துக்கொள்வோம்' என்று தவணையையும் மாத்திரையையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள். வேலை போனதற்காகத் தவணை நிற்காது. வெளியே சாப்பிடுவது, துணிமணி, சினிமா இவற்றை மட்டும் விட்டால் போதும். தினக்கூலியோ சொந்தத் தொழிலோ என்றால், அல்லது வீட்டில் இருவருமே ஒரே தொழிலை நம்பியிருந்தால், மூன்றை ஆறாக்கிக்கொள்வது நல்லது.

சரி, 66,000-ஐ மாதம் 1,500-ஆல் வகுத்தால் 44 மாதம் வரும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். கணக்கு அப்படியே நேர்கோட்டில் போகும் என்று நினைப்பதுதான் இங்கே தவறு. அந்தக் குடும்பம் தீபாவளி போனஸிலிருந்து 5,000 போட்டால், முதல் வருட முடிவில் 23,000 இருக்கும். ஒரு மாதச் செலவு கையில் வந்துவிட்டது. பைக் தவணை அந்த வருடத்தோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கும். மாதச் செலவு 19,500-க்கு இறங்குவதால் இலக்கு 58,500 ஆகும். தவணைக்குப் போன 2,500-ம் சேமிப்புக்கு வந்தால் மாதம் 4,000 போடலாம். மீதி 35,500 ஒன்பது மாதத்தில் சேர்ந்துவிடும். 44 மாதம் என்று பயமுறுத்திய வேலை 21 மாதத்தில் முடிகிறது, வட்டியைச் சேர்க்காமலேயே. ஆனால் தவணை முடிந்த மாதமே புதுப் போனுக்குத் தவணை போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது, பணத்தை எடுக்க முடியாத இடத்தில் போடுவது. சிறு தொகை என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், பாதுகாப்பானது, நல்ல திட்டம்தான். ஆனால் அதன் காலம் ஐந்து வருடம். மூன்று வருடம் முடியாமல் முன்கூட்டி மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, இருப்பில் பாதிவரை கடனாக வாங்கலாம், அவ்வளவுதான். அவசர நிதிக்கு வங்கி ஆர்.டி. பொருத்தம். ஓராண்டுக் காலத்துக்குப் போடலாம், இடையில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்களே தவிர அசல் கைக்கு வரும். முதல் ஒரு மாதச் செலவைத் தனிச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அதற்கு மேல் சேர்வது ஆர்.டி.க்குப் போகட்டும், முதிர்ந்ததும் வைப்பு நிதியாக மாற்றலாம்.

ஆர்.டி. பிடிக்கும் தேதியையும் பார்க்க வேண்டும். சம்பளம் 7-ஆம் தேதி வரும் வீட்டில் 5-ஆம் தேதி பிடிக்கும்படி வைத்தால் மாதாமாதம் இருப்பு இல்லாமல் தவணை தவறும். சம்பளத் தேதிக்கு இரண்டு நாள் தள்ளி, 9 அல்லது 10 என்று வைத்தால், கடை முதலாளி ஒரு நாள் தாமதித்தாலும் சமாளிக்கலாம்.

சீட்டை அவசர நிதி என்று எண்ணுவதும் இதே வகைதான். பதிவு பெற்ற சீட்டாகவே இருந்தாலும் ஏலம் மாதத்தில் குறித்த நாளில்தான். அன்றைக்கு உங்களைவிட அவசரக்காரர் ஒருவர் அதிகம் தள்ளிக் கேட்டால் பணம் அவருக்குப் போகும். நீங்களே எடுத்தாலும், ஆரம்ப மாதங்களில் தள்ளுபடி போக வருவது குறைவாக இருக்கும். மீதித் தவணைகளை அப்புறமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது கடனுக்குச் சமம்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று இருக்கிறது, என் கணிப்பில் மற்றவற்றைவிட ஆபத்தானது. கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருக்கும், ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணும் செயலியின் கடவுச்சொல்லும் அவருக்கு மட்டும் தெரியும். விபத்தில் மருத்துவமனையில் படுத்திருப்பவரும் அவராகவே இருந்தால்? இரவு பதினொரு மணிக்கு அட்மிஷனுக்கு முன்பணம் கேட்கும்போது, நிதி இருந்தும் மனைவி நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை திறக்கக் காத்திருப்பார். நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினிக்குப் பணம் கிடைப்பது கணக்குதாரர் இறந்த பிறகுதான். ஆகவே கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம் என்ற முறையில் தொடங்க வேண்டும். 'இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்' என்ற முறையில் திறந்துவிட்டால் பழைய சிக்கலே திரும்ப வரும். வைப்பு நிதியை உடைக்கக் கிளைக்குத்தான் வர வேண்டுமா, செயலியிலேயே முடியுமா என்பதையும் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

தேதி தெரிந்த செலவுக்கு இந்தப் பணத்தைத் தொடுவது இன்னொன்று. ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும். தீபாவளி, இன்சூரன்ஸ் பிரீமியம், பைக் சர்வீஸ் எல்லாம் அப்படியே. இவற்றின் வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வேறு கணக்கில் போட வேண்டும். அது இல்லாத வீட்டில் அவசர நிதி ஒவ்வொரு ஜூனிலும் காலியாகும்.

மீட்டர் வட்டியோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருக்கும் வீட்டுக்கு மட்டும் வரிசை மாறும். கார்டு பாக்கிக்கு வருடத்துக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஓடும்போது, 6 அல்லது 7 சதவீதம் தரும் ஆர்.டி.யில் பணம் சேர்ப்பது நஷ்டம். ஒரு மாதச் செலவை மட்டும் சேர்த்து நிறுத்திவிட்டு, மாதத் தொகை முழுவதையும் அந்தக் கடனுக்குத் திருப்புங்கள். கடன் தீர்ந்ததும் மற்ற இரண்டு மாதத்தைத் தொடரலாம்.

கடைசியாக, நிதியிலிருந்து எடுத்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஈரோட்டுக் குடும்பம் 58,500-ஐ எட்டியபின், மாதம் 4,000-ஐ நகைச் சீட்டுக்கு மாற்றியிருக்கும். பிறகு அறுவை சிகிச்சைக்கு 20,000 எடுத்தால், நகைச் சீட்டு தவறக் கூடாது என்று நிதியை அப்படியே விட்டுவிடுவார்கள். நகைச் சீட்டை ஐந்து மாதம் நிறுத்தி இங்கே போட்டால் அந்த 20,000 திரும்ப வந்துவிடும். நிறுத்துவதால் நகைச் சீட்டின் போனஸ் போகுமா என்பதைச் சீட்டுச் சேரும் நாளிலேயே கடையில் கேட்டு வைத்திருக்க வேண்டும்.