தவறிய இன்டர்வியூ காலுக்கு மன்னிப்பு மெயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறேன். காலேஜ் முடித்த பையன்களும் பெண்களும் தங்கள் மெயிலை என்னிடம் காட்டிவிட்டு அனுப்புவது வழக்கம். ரெக்ரூட்டர் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார், எடுக்கவில்லை, இப்போது என்ன எழுதுவது என்று வருகிறவர்கள்தான் அதில் அதிகம். அந்த வயதில் நாங்கள் எழுதியதையேதான் இவர்களும் எழுதுகிறார்கள்.

ஃபோனை சைலன்ட்டில் போடாதே, எழுத்துப்பிழை பார், பெயரைச் சரியாக எழுது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதுவது

காரணம் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். பஸ் பஞ்சராகி, ஃபோனில் சார்ஜ் போய், வீட்டில் அப்பாவுக்கு முட்டி வலி என்று மூன்று காரணம் சேர்ந்து வந்தால், படிக்கிறவர் மூன்றையும் நம்ப மாட்டார். நிஜமாகவே வீட்டில் துக்கம் என்றால் "குடும்பத்தில் ஒரு மரணம்" என்று எழுதுங்கள், போதும். யார், எப்படி, காரியம் என்றைக்கு என்ற விவரம் அவருக்கு வேண்டாம். நீங்கள் பேசும் நிலைக்கு வரும் நாளாகப் பார்த்து நேரம் கொடுங்கள்.

விடாமல் திருப்பிக் கூப்பிடுவது

ஒரு தடவை கூப்பிடலாம். எடுக்கவில்லையா, எழுதுங்கள்.

"உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது கூப்பிடுங்கள்"

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இந்த வரியைப் பார்க்கும்போதுதான். மன்னிப்பு அழகாக இருக்கும், காரணமும் சுருக்கமாக இருக்கும், கடைசியில் இது வந்து நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடாமல் "எப்ப வேணா வாங்க" என்று அச்சடிப்பது மாதிரி.

போன மாதம் மன்னார்குடி பக்கத்திலிருந்து என் அக்கா மகன் வந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். சிங்கப்பூரில் ஒரு சைட் சூப்பர்வைசர் வேலைக்கு அங்கிருக்கும் ரெக்ரூட்டர் பேசுவதாக ஏற்பாடு. மெயிலில் வியாழன் காலை 10.30 SGT என்று போட்டிருந்தது. இவன் அந்த மூன்று எழுத்தைக் கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 10.30 என்றால் நமக்குக் காலை 8 மணி. பத்தே காலுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கால் 8 மணிக்கே வந்துவிட்டது. அப்போது அவன் வயலில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தான், ஃபோன் வீட்டில். இரண்டு மிஸ்டு கால். எந்த நம்பர் என்று அவனுக்குப் புரிந்ததே 11 மணிக்கு மேல்தான்.

நாள்காட்டி அழைப்பாக வந்திருந்தால் ஃபோனே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டியிருக்கும். மெயிலில் வெறும் எழுத்தாக வரும் நேரத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள், நாம்தான் கணக்குப் போட வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் என்றால் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அந்த வாரத்தில் கால் இருந்தால் இரண்டு தடவை பாருங்கள்.

சரி, அவன் எழுதிக்கொண்டு வந்த மெயிலைப் படித்தேன். வயல், மோட்டார், கிராமத்தில் சிக்னல் இல்லாதது எல்லாம் வரிசையாக இருந்தது. முடிவில் அந்த வரி. எடுத்துவிடு என்றேன்.

"ஏன் மாமா, எப்ப வேணாலும் கூப்பிடுங்கன்னா அவங்களுக்கு மரியாதையாத்தானே இருக்கும்?"

மரியாதை மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரெக்ரூட்டருக்கு அரை மணி, அரை மணியாகப் பிரித்த நாள். ஒரே வேலைக்குப் பல பேரிடம் முதல் சுற்று பேசி, தேறியவர்கள் பட்டியலைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு கெடு. நீங்கள் எடுக்காதபோது உங்கள் பெயருக்கு நேராக "எடுக்கவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். இப்போது உங்கள் மெயில் வருகிறது. அதில் நேரம் இருந்தால் தன் நாள்காட்டியைத் திறந்து, காலியாக இருக்கும் ஒன்றுக்குச் சரி என்று பதில் போட்டுவிடலாம். இல்லையென்றால் அவரே ஒரு நேரம் யோசித்து "நாளை 11 மணி?" என்று கேட்க வேண்டும். நீங்கள் "சாரி மேடம், நாளைக்குக் காலையில் எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்பீர்கள். எப்போது வேண்டுமானாலும் என்று சொன்ன ஆள்தான் இதைச் சொல்வார், நான் பார்க்காததா! அவர் மறுபடி ஒரு நேரம் சொல்வார். இந்தப் போக்குவரத்திலேயே ஒரு நாள் போய்விடும், அதற்குள் பட்டியலும் போய்விடும். உங்களைப் பிடிக்காமல் விடுவதில்லை. கூப்பிட்டவுடன் எடுத்த இன்னொருவர் கையில் இருக்கும்போது, உங்களுக்காக இன்னும் இரண்டு மெயில் எழுத அவருக்கு அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இரண்டு நேரம் கொடுங்கள். ஒன்று மட்டும் கொடுத்தால், அந்த நேரத்தில் அவருக்கு வேறு கால் இருந்தால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, தவறவிட்டவரே உத்தரவு போடுவது போலவும் இருக்கும். ஐந்து கொடுத்தால் பதில் வரும்வரை ஐந்தையும் நீங்கள் காலியாக வைத்திருக்க வேண்டும். முடியாது. இரண்டும் வேறு வேறு நாள், ஒன்று காலை, ஒன்று மதியத்துக்கு மேல் என்று வையுங்கள். இரண்டும் ஒரே காலையில் 10 மணி, 10.30 என்று இருந்தால் ஒன்று கொடுத்த மாதிரிதான். அவருக்கு அன்று காலை மீட்டிங் என்றால் இரண்டும் போச்சு.

அப்புறம், அந்த நேரம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் வருவதற்கு மதியம் தாண்டும். வீட்டு வைஃபை உடனே போகும், நேரம் ஆக ஆக டவர் பேட்டரியும் இறங்கி சிக்னல் தேயும். எந்த சப் ஸ்டேஷன், எந்த நாள் என்று பேப்பரில் முன்கூட்டியே வருகிறது, பார்த்துவிடலாம். ஆடி மாதம் என்றால் தெரு மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மாலை 5 மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவர் அந்த 5 மணியைக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்து விடுமுறையையும் ஒரு பார்வை பாருங்கள். ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம், அன்றைக்கு நேரம் கொடுத்தால் விசாரிக்காமல் எழுதியது தெரிந்துவிடும்.

இவன் ஊரில் வெள்ளிக்கிழமை 9 மணியிலிருந்து மின்தடை. அதனால் வெள்ளிக்கு 8 மணியை வைத்தோம், அரை மணி பேசினாலும் கரண்ட் போகுமுன் முடிந்துவிடும். இன்னொன்று திங்கள் மதியம். திங்கள் காலையை நான் எப்போதும் தவிர்ப்பேன், பல ஆபீஸில் வார மீட்டிங் அப்போதுதான். மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

> வணக்கம் மேடம். இன்று காலை 10.30 மணிக்கு நீங்கள் அழைத்தபோது எடுக்கத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். சிங்கப்பூர் நேரம் என்பதைக் கவனிக்காதது என் தவறு.
>
> கீழே உள்ள இரண்டு நேரத்திலும் தயாராக இருப்பேன்:
>
> வெள்ளி, காலை 10.30 சிங்கப்பூர் நேரம் (இந்தியா காலை 8.00)
>
> திங்கள், மாலை 4.30 சிங்கப்பூர் நேரம் (இந்தியா மதியம் 2.00)
>
> இதே எண்ணில் அழைக்கலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "உங்களுக்கு ஏற்ற நேரம்" இங்கேயும் இருக்கிறது. ஆனால் இரண்டு நேரம் கொடுத்த பிறகு வருவதால் அது பணிவாகப் படுகிறது, வேலையை அவர் தலையில் கட்டுவதாக இல்லை. நேரத்தையும் அவர் ஊர்க் கணக்கில் முதலில் எழுதியிருக்கிறோம். சென்னை, பெங்களூர் ரெக்ரூட்டர் என்றால் அடைப்புக்குறியே வேண்டாம், கிழமையோடு தேதியும் சேர்த்து எழுதினால் குழப்பம் இருக்காது.

மறுநாள் காலை 8 மணிக்கும் அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் பதில் போடாமலே கூப்பிட்டுவிடலாம் அல்லவா? கூப்பிடவில்லை. மதியம், திங்கள் 4.30 சரி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தவறவிட்டது பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. அந்த வரிக்கு ஒரு நன்றியும், நேரத்தை மறுபடி ஒரு முறையும் எழுதி அனுப்பச் சொன்னேன். ரெக்ரூட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை இரண்டு நேரமும் உங்களுடையது இல்லை. தேர்ந்தெடுத்த பிறகு மற்றதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி எழுதலாம் என்று தள்ளிப்போடுவது

பார்த்தவுடன் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் அன்றைக்கே உங்களை வேறு இடத்தில் நுழைக்க வாய்ப்பு இருக்கிறது. சாயங்காலத்துக்கு மேல் போனால் அடுத்த நாள் வரிசையில் கீழே கிடக்கும்.

புதிதாக ஒரு மெயில் தொடங்குவது

அவர் அனுப்பிய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். எந்த வேலை, எந்த நேரம் என்று அவர் தேட வேண்டியிருக்காது.

வாட்ஸப் வாய்ஸ் நோட்

வேண்டாம்.

இரண்டாவது தடவையும் தவறவிட்டு, மறுபடி இரண்டு நேரம் கொடுப்பது

இது வேலைக்கு ஆகாது. இரண்டாவது தடவையும் போய்விட்டால் மன்னிப்பு மட்டும் இரண்டு வரியில் எழுதி, நேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. அதே கன்சல்டன்சி வேறொரு வேலைக்கு ஆள் தேடும்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், பழையதை நீங்களாக எடுக்க வேண்டாம், அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.